கலைந்த டைம் டேபிளைக் காட்டுங்கள்

"டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். எங்கள் பகுதியில் பத்தாம் வகுப்பு சிபிஎஸ்இ எழுதப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக 9 நிமிட வீடியோ ஒன்று செய்தோம். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் என் மகள் அக்கா மாதிரி பேசுகிறாள். நடுவில் டைம் டேபிள் கிராஃபிக்ஸ் வருகிறது. எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். இரண்டு வாரம் கழித்து விசாரித்தால் ஒரு பிள்ளைகூட அந்த டைம் டேபிள்படி படிக்கவில்லை. மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறோம். எதை மாற்றுவது?"

டைம் டேபிள் படத்தை மாற்றுங்கள். அதற்கு அடுத்தபடியாக, உங்கள் மகள் சொல்லும் கதையை. மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் டெல்லியில் 19 வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கடைசி ஆறேழு வருடமாகப் பாட வீடியோக்களும் செய்கிறேன். உங்கள் வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த மாதிரி வீடியோக்களில் வரும் டைம் டேபிள் எப்படி இருக்கும் என்று தெரியும், ஏனென்றால் நான் முதலில் செய்ததும் அப்படித்தான் இருந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு பத்தி, காலை 5 மணியில் தொடங்கி இரவு 10 வரை வரிசைகள், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வண்ணம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். பிள்ளைகள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஜனவரியில் பார்த்தால் அது போனில்தான் இருந்தது.

அந்தப் படத்தில் வண்ணமோ எழுத்தோ குறையில்லை. அது ஒரு முடிந்த பொருளைக் காட்டுகிறது, அதுதான் குறை. நிரம்பிய டைம் டேபிளைப் பார்க்கிற பிள்ளை முதல் நாளே ஏதாவது ஒரு கட்டத்தைத் தவறவிடும். தவறிய கட்டத்தை என்ன செய்வது என்று படத்தில் பதில் இல்லை. மறுநாள் அதையும் சேர்த்துப் படிக்கலாம் என்று வைத்துக்கொள்ளும், மறுநாள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். புதன்கிழமைக்குள் நாலைந்து கட்டம் பாக்கி விழுந்துவிடும், வியாழக்கிழமை அந்தத் தாளைப் பார்க்கவே மனசு வராது. பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுகிறார்கள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, பாக்கி சேர்ந்ததால்தான் விடுகிறார்கள். அதனால் உங்கள் வீடியோவில் டைம் டேபிள் போடுவதைக் காட்டும் நேரத்தைவிட, அது கலைந்து, திரும்பச் சரியாவதைக் காட்டும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும்.

ஒரு பையனின் திங்கட்கிழமையை எடுத்துக்கொள்வோம். என்னிடம் படித்தவன், இப்போது கல்லூரியில் இருக்கிறான். அவன் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வர 2:40 ஆகும். சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்தால் 4. ஐந்து மணிக்கு டியூஷன், 6:30க்கு முடியும், வீட்டுக்கு வந்து கை கால் கழுவி டிபன் சாப்பிட 7. எட்டரைக்கு இரவுச் சாப்பாடு, அப்பா வீடு திரும்பும் நேரமும் அதுதான், ஒன்பது வரை வீட்டில் பேச்சு நடக்கும். அவன் எழுதிக்கொண்டு வந்த டைம் டேபிளில் தினமும் 6 மணி நேரம் படிப்பு இருந்தது. உட்கார்ந்து எண்ணினோம். 4:15 முதல் 4:45, 7:15 முதல் 7:45, 7:55 முதல் 8:25, 9:15 முதல் 9:45. அரை மணி நேரக் கட்டங்கள் நாலு, அவ்வளவுதான். மொத்தம் 2 மணி நேரம். முதலில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது, இவ்வளவு குறைவா என்று. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது, ஏனென்றால் அதுவரை அவன் உண்மையில் ஒரு மணி நேரம்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

உங்கள் கிராஃபிக்ஸ் இங்கேதான் தொடங்க வேண்டும். வாரம் முழுவதும் வேண்டாம், ஒரே ஒரு நாள். திரையில் முதலில் ஒரு நீளமான பட்டை, 2:40 முதல் 10 மணி வரை. சாப்பாடு, தூக்கம், டியூஷன், குளியல் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதில் சாம்பல் நிறத்தில் அடைத்துக்கொள்ளட்டும். மிஞ்சுகிற வெள்ளை இடங்கள் எவை என்று பிள்ளையின் கண்ணுக்கே தெரியும். அந்த வெள்ளை இடங்களில் நாலு கட்டம் உட்காரட்டும். மூன்றில் பாடம் எழுதுங்கள். நாலாவதை, கடைசிக் கட்டத்தை, காலியாக விடுங்கள். "அக்கா, இது என்ன சும்மா இருக்கு?" என்று பிள்ளைக்குத் தோன்ற வேண்டும். அந்தக் காலிக் கட்டம்தான் வீடியோவின் நாயகன்.

இனி கலைக்க வேண்டும். அந்தப் பையனின் திங்கட்கிழமை 4:15க்குச் சமூக அறிவியல், 7:15க்குக் கணக்கில் முக்கோணவியல், 7:55க்கு அறிவியலில் மின்சாரம், 9:15 காலி. ஏழு மணிக்கு மாமா வீட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள், வீட்டில் இருப்பதே இரண்டு அறை. கணக்கும் போச்சு, அறிவியலும் போச்சு. திரையில் அந்த இரண்டு கட்டமும் நிறம் வெளுக்கட்டும். கணக்குக் கட்டம் மெல்ல நகர்ந்து 9:15 காலிக் கட்டத்துக்குள் போய் உட்காரட்டும், இரண்டு நொடி எடுத்துக்கொண்டு. அறிவியல் கட்டம் செவ்வாய்க்கிழமையின் காலிக் கட்டத்துக்குப் போகட்டும். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள்: செவ்வாய்க்கிழமையின் மற்ற மூன்று கட்டமும் இம்மியும் அசையக் கூடாது. எடிட்டிங் செய்பவர் அழகுக்காக எல்லாவற்றையும் ஒரு இடம் தள்ளிவிடுவார், அப்படிச் செய்தால் நீங்கள் சொல்ல வந்தது போய்விடும். ஒரு நாள் தவறியது அடுத்த நாளைத் தொடவில்லை என்பதைத்தான் பிள்ளை பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமையும் கெட்டுப்போனால்? அதற்கும் ஒரு விதி சொல்லுங்கள்: இரண்டு முறை நகர்ந்த கட்டத்தை மூன்றாவது முறை நகர்த்தாதே, ஒன்றை விட்டுவிடு. எதை விடுவது என்பதற்கு மதிப்பெண்ணைப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், அதில் இயற்கணிதம் மட்டும் 20, முக்கோணவியல் 12, ஆயத்தொலை வடிவியல் 6. இயற்கணிதத்தில் இன்னும் தடுமாறுகிற பிள்ளை அந்த வாரம் ஆயத்தொலை வடிவியலை விட்டால் குடி முழுகிவிடாது. எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று சொல்லும் வீடியோதான் பொறுப்பானது என்று சில பெற்றோர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் எதையும் விடக் கூடாது என்று சொன்னால் பிள்ளை மொத்தத் தாளையும் விட்டுவிடுகிறது. எதை விடலாம் என்று சொல்லித் தருவதும் பாடம்தான்.

கட்டங்களை நிரப்புவதற்கு முன்னால் பிள்ளை ஒரு அளவு எடுக்க வேண்டும். நம் எல்லோருக்கும் ஒரு வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிடும் பழக்கம் உண்டு. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள், 1994இல் வெளியான ஆய்வு அது. சராசரியாக 34 நாள் என்றார்கள், 55 நாளுக்கு மேல் ஆனது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதில் எப்படித் தேறும்? அந்தப் பையன் முக்கோணவியலில் ஒரு பயிற்சியை ஒரு கட்டத்தில் முடித்துவிடுவேன் என்றான். கடிகாரத்தை எதிரில் வைத்துப் போடச் சொன்னேன், 50 நிமிடம் ஆனது. ஆக அந்தப் பயிற்சிக்கு இரண்டு கட்டம். வீடியோவில் உங்கள் மகள் கடிகாரத்தோடு ஒரு பயிற்சியைப் போட்டுக் காட்டட்டும், "அரை மணி நேரம்னு நினைச்சேன், இவ்வளவு ஆயிடுச்சு" என்று சொல்லி, ஒரு கட்டத்தை அழித்து இரண்டாக எழுதட்டும். இருபது நொடிக் காட்சிதான். அதைப் பார்த்தால் பிள்ளைகள் தாங்களும் நேரம் பார்க்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது, கட்டத்துக்குள் என்ன எழுதுவது. 'அறிவியல்' என்று மட்டும் எழுதியிருந்தால் பிள்ளை புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கும், மஞ்சள் மார்க்கரால் கோடு போடும். படித்த மாதிரியே இருக்கும். இதில் ஓரளவு உறுதியாகப் பேச முடியும், ஏனென்றால் நன்றாக ஆராயப்பட்ட விஷயம். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிகி என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், மூடி எழுதியவர்களுக்கு 61. இதில் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது: ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்த குழுவினர்தான். நம் பிள்ளைகள் "நல்லாத்தான் படிச்சேன், பேப்பரைப் பார்த்ததும் மறந்துபோச்சு" என்று சொல்லும்போது பொய் சொல்வதில்லை.

அதனால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கட்டத்துக்குள் எழுத வேண்டும். 'மின்சாரம்: புதுசு' என்றால் புத்தகத்தைத் திறந்து படிப்பது. 'மின்சாரம்: மூடி எழுது' என்றால் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் தெரிந்ததை எல்லாம் எழுதுவது. ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, அலகுகள், ஒரு படம். பத்து நிமிடம் எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதை வேறு மையில் சேர்ப்பது. படத்தில் இந்த இரண்டு வகைக் கட்டமும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். சிவப்பு, பச்சை என்று பிரிக்காதீர்கள். அந்த இரண்டு நிறத்துக்கும் வேறுபாடு தெரியாத பையன் பார்ப்பவர்களில் இருக்கலாம், அவனுக்கே அது தெரியாமலும் இருக்கலாம். ஒன்று முழுக்க நிறம் பூசிய கட்டம், மற்றது வெறும் கோடு போட்ட கட்டம் என்று வைத்தால் எல்லோருக்கும் புரியும்.

மூடி எழுதும் கட்டம் எத்தனை நாள் கழித்து வர வேண்டும் என்று கேட்பார்கள். இடைவெளி விட்டுத் திரும்பினால் அதிகம் நிலைக்கும் என்பது உறுதி, 1885இல் எபிங்ஹாஸ் தன் மீதே செய்து பார்த்த காலத்திலிருந்து பலமுறை சோதிக்கப்பட்டது. எத்தனை நாள் என்ற கணக்கு அந்த அளவு உறுதி இல்லை. 2008இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 7 நாள் கழித்து நடக்கும் சோதனைக்கு 1 நாள் இடைவெளியும், 35 நாள் கழித்து நடக்கும் சோதனைக்கு 11 நாள் இடைவெளியும் நன்றாக வேலை செய்தன. ஆனால் அங்கே படித்தது பொது அறிவுத் துணுக்குகள். முக்கோணவியல் நிறுவலுக்கு அதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இது: திங்கள் புதுசு, வியாழன் மூடி எழுது, அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு முறை மூடி எழுது. நடைமுறைக்கு ஒத்து வருகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். இதைத் திரையில் காட்டும்போது மட்டும் ஒரு நாள் படம் போதாது. திங்கள், வியாழன், அடுத்த வாரம் என்று மூன்று கட்டம் மட்டும் வரட்டும், நடுவில் ஒரு நூல் ஓடட்டும். மற்ற பாடங்களை அந்தக் காட்சியில் காட்டாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10:30 முதல் 1:30 வரை ஒரே கட்டம், முழு வினாத்தாள். அதற்குக் காரணம் எளிமையானது, வாரியத் தேர்வு நடக்கும் நேரம் அதுதான். 10:15க்குத் தாள் கையில் வரும், 15 நிமிடம் வாசிக்க மட்டும். பிள்ளைகள் இந்த 15 நிமிடத்தை வீட்டில் ஒருமுறைகூடப் பழகிப் பார்ப்பதில்லை. பேனா தொடாமல் வாசிப்பது, எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வது, இதை வீட்டிலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் மகள். கூச்சப்படாமல் பேசுகிறாள் என்பதால் நீங்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், நல்ல தேர்வுதான். ஆசிரியர் பேசுவதைவிட, தங்களைப் போன்ற இன்னொருவர் பேசினால் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டேல் ஷங்க் என்பவர் 1980களில் கழித்தலிலும் பின்னத்திலும் பின்தங்கிய சிறுவர்களிடம் இதைச் சோதித்தார். 1987 ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே சரியாகப் போடும் பிள்ளையைப் பார்த்தவர்களைவிட, முதலில் தடுமாறி, "இது கஷ்டமா இருக்கு" என்று சொல்லி, மெல்லத் தேறும் பிள்ளையைப் பார்த்தவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். அவர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், அதனால் பத்தாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் வகுப்பில் காண்பதும் அதுவே.

அதனால் அவள் "நான் பத்தாவதுல 95 சதவீதம் வாங்கினேன், எப்படினு சொல்றேன்" என்று தொடங்கினால் அதை எடுத்துவிடுங்கள். அந்த ஒரு வரியில் 60 வாங்குகிற பிள்ளை "இது எனக்கில்லை" என்று முடிவு செய்துவிடும். அவளுடைய பழைய டைம் டேபிள் தாள் வீட்டில் எங்காவது கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதையே கேமராவில் காட்டுங்கள், எந்த நாளில் நின்றுபோனது என்று அவளே விரல் வைத்துச் சொல்லட்டும். கிடைக்காவிட்டால் இல்லாததை உருவாக்க வேண்டாம். நடக்காத கதையைச் சொல்லச் சொன்னால் அவள் குரலே காட்டிக்கொடுத்துவிடும், பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று தெரியும்.

அவளை வைத்து எடுக்க வேண்டிய ஒரு காட்சியைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. கேமராவை மேசைக்கு மேலே, தாளைப் பார்த்தபடி வையுங்கள். அவள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு, மூடி ஓரமாக வைத்து, வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கட்டும். முதல் அரை நிமிடம் ஒன்றும் வராது. பேனா தாளுக்கு மேலே நிற்கும். ஒரு வார்த்தை எழுதுவாள், அடிப்பாள். "ஐயோ, இப்பதானே படிச்சேன்" என்பாள். அப்புறம் ஒரு சூத்திரம் வரும், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று வரி. எடிட்டிங்கில் அந்த முதல் அரை நிமிடத்தை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள், வேகமாகவும் ஓட்டாதீர்கள். பிள்ளைகள் மூடி எழுதும்போது அந்த அரை நிமிடத்தில்தான் பயந்து புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் ஆகிறது என்று பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள்.

மொழி விஷயத்தில் நம் டெல்லிப் பிள்ளைகளுக்கு ஒரு தனி ஏற்பாடு தேவை. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில், நண்பர்களோடு ஹிந்தி. தமிழைக் காதால் கேட்டால் முழுக்கப் புரியும், திரையில் ஓடும் தமிழ் எழுத்தைப் பலர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் அவள் பேசுவது தமிழில் இருக்கட்டும், வீட்டில் தம்பியிடம் பேசுகிற தமிழில். கட்டங்களில் பாடத்தின் பெயரை, பிள்ளைகள் தங்கள் நோட்டு அட்டையில் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே போடுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம். அவள் பேசுவதை எல்லாம் கீழே எழுத்தாகவும் ஓட்டினால் பிள்ளைகள் எழுத்தைப் பார்ப்பார்கள், கட்டம் நகர்வதைக் கவனிக்க மாட்டார்கள். கட்டம் நகரும் அந்த நொடிகளில் அவள் பேச்சையும் நிறுத்திவிடலாம். பின்னணி இசையும் அங்கே வேண்டாம்.

இந்த வீடியோவைப் பெரும்பாலானவர்கள் அம்மாவின் போனில், நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பார்கள். போனை நிமிர்த்தியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கும், மெல்லிய கோடுகளும் சிறிய எழுத்தும் கரைந்துபோகும். எடுத்ததும் உங்கள் போனுக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியாத எழுத்து எதுவோ அதை எடுத்துவிடுங்கள். நீளத்தைப் பொறுத்தவரை, இணையவழிப் பாடங்களின் வீடியோக்களை 2014இல் ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மக்கள் கவனித்த நேரம் பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், பாடமும் வேறு. எனினும் 9 நிமிடத்தை 6க்குள் கொண்டுவருவது நல்லது. கலைந்து சேரும் காட்சி முதல் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

நேரம் குறைக்க எதை வெட்டலாம்? 'கண்ணால் படிப்பவர், காதால் படிப்பவர், செய்து படிப்பவர்' என்று பிள்ளைகளை வகை பிரிக்கும் பகுதி இருந்தால் அதை முதலில் வெட்டுங்கள். 2008இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்கு, அந்த வகைக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. காலை 4 மணிக்கு எழுந்திருக்கச் சொல்லும் பகுதி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. டெல்லி ஜனவரியில் விடியற்காலை ரஜாயைவிட்டு எழுந்து உட்கார்ந்து ஒரு பிள்ளை படிக்கிறது என்றால், அது எப்போது தூங்கியது என்று முதலில் கேட்க வேண்டும். இரவில் படிக்கிற பிள்ளையை விடியற்காலைக்கு மாற்றுவதால் மதிப்பெண் கூடியதை நான் பார்த்ததில்லை. 25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு என்ற முறையைப் பற்றியும் கேட்பார்கள். சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குக் கணக்கு பாதியில் நிற்கும்போது மணி அடித்தால் எரிச்சல் வருகிறது. எனக்கு அதில் அழுத்தமான கருத்து இல்லை. நான் 30 நிமிடக் கட்டம் வைப்பதற்குக் காரணம், நம் வீடுகளில் தொந்தரவு இல்லாமல் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒன்றை வீடியோவிலேயே சொல்லிவிடுங்கள். பாடம் புரியாத பிள்ளைக்கு டைம் டேபிள் உதவாது. 'மூடி எழுது' கட்டத்தில் இரண்டு முறை உட்கார்ந்தும் தாள் வெள்ளையாகவே இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு கட்டமல்ல, சொல்லித் தர ஒரு ஆள். "அப்படி ஆச்சுன்னா மிஸ் கிட்டயோ எங்க கிட்டயோ கேளுங்க" என்று உங்கள் மகள் சொல்லி, வாரம் ஒரு மாலை யார் எங்கே இருப்பார்கள் என்பதையும் சொல்லட்டும். உங்கள் பகுதியில் அதற்கு ஒரு வீட்டு ஹால் போதும். இன்னொரு வகைப் பிள்ளையும் உண்டு. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், தேர்வு என்றாலே கை நடுங்குகிற பிள்ளை. அதற்கு இந்த வீடியோவைக் காட்டிப் பயனில்லை, பெற்றோரும் பள்ளி கவுன்சலரும் உட்கார்ந்து பேச வேண்டும். அது என் துறை இல்லை என்பதால் மேலே சொல்லவில்லை.

கடைசியாக, அனுப்பும் விதம். வீடியோவோடு ஒரு வெற்று டைம் டேபிள் தாளையும் அனுப்புங்கள். ஏ4 தாளில் ஒரு வாரம், நாளுக்கு நாலு கட்டம், நாலாவது கட்டத்துக்கு மட்டும் புள்ளிக்கோடு. நேரம் அச்சடிக்காதீர்கள், ஒவ்வொரு வீட்டிலும் நேரம் வேறு. பாடமும் அச்சடிக்காதீர்கள். பிரிண்டர் இல்லாத வீட்டுக்கு, நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. ஞாயிறு மதியம் அனுப்பினால் மாலையில் நிரப்ப நேரம் இருக்கும். அடுத்த ஞாயிறு, "பிடிச்சுதா?" என்று கேட்க வேண்டாம், தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் பார்க்க வேண்டியது எத்தனை கட்டம் முடிந்தது என்பதை அல்ல. புள்ளிக்கோட்டுக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு கட்டத்தைத் தவறவிட்டு, எடுத்து வைத்திருக்கிறது, வீடியோ வேலை செய்திருக்கிறது என்று பொருள். எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே அழகான டிக் இருந்தால், அது சனிக்கிழமை ராத்திரி ஒரே மூச்சில் போட்டதாக இருக்கலாம். திட்ட வேண்டாம், அந்தப் பிள்ளையிடம் உங்கள் மகளைத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். பாதியில் நின்றுபோன தாள்கள் வந்தால் எந்தக் கிழமையில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு தாள் ஒரே கிழமையில் நின்றிருந்தால், அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக ஏதோ இருக்கிறது, ஒருவேளை ஒரே டியூஷன், ஒருவேளை பாட்டு வகுப்பு. அந்தக் கிழமைக்கு இரண்டு கட்டம் மட்டும் வைத்து, இரண்டு நிமிடத்தில் இன்னொரு சின்ன வீடியோ எடுத்துப் போடுங்கள்.